பள்ளி மன்றப் பொருளாளருக்கு ஒரு பக்க வரவு செலவுத் திட்டம்

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அறிவியல் மன்றம், இலக்கிய மன்றம் போன்ற மன்றங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பிள்ளையைப் பொருளாளர் ஆக்கினால், நாற்பது பேருடைய பணம் அந்தப் பிள்ளையின் கைக்கு வருகிறது. அது அமானிதம். ஆண்டுக் கடைசியில் கணக்கு உதைத்தால், ஒரு ரூபாய்கூட எடுக்காத பிள்ளையையும் நாலு பேர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்த நிலை வராமல் காக்க ஒரே ஒரு தாள் போதும். அதை எப்படித் தயாரிப்பது என்று இந்த மாதம் பார்ப்போம்.

தாளைப் பிரிப்பது

ஒரு ஏ4 தாளைப் படுக்கை வசத்தில் வைத்து நடுவில் ஒரு கோடு போடுவோம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள்: விவரம், திட்டம், நடப்பு. திட்டம் என்பது ஆண்டுத் தொடக்கத்தில் நாம் எதிர்பார்க்கும் தொகை. அதைப் பேனாவால் எழுதி, பிறகு மாற்றாமல் விட வேண்டும். நடப்பு என்பது உண்மையில் கைக்கு வந்ததும் கையை விட்டுப் போனதும். அது மாதாமாதம் கூடும் என்பதால் பென்சிலால் எழுதலாம்.

அன்றாடக் கணக்கை இந்தத் தாளில் எழுத வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நோட்டு வேண்டும். தேதி, யாரிடம், எதற்காக, எவ்வளவு என்று அதில் அன்றன்றே எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் நோட்டின் கூட்டுத்தொகை மட்டும் தாளுக்கு வரும்.

ஓர் உதாரணம்

நாற்பது மாணவர்கள் உள்ள ஓர் அறிவியல் மன்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆண்டுச் சந்தா 50 ரூபாய். பெற்றோர் ஆசிரியர் கழகம் 1000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிக் கண்காட்சி நாளில் மன்றத்தார் ஒரு சிற்றுண்டிக் கடை போடுவார்கள். ஜனவரியில் வேன் வைத்து ஒரு களப்பயணம் போக எண்ணம். ஜூனில் எழுதிய திட்டமும், அக்டோபர் கடைசியில் இருந்த நடப்பும் இவை:

| வரவு | திட்டம் | நடப்பு | செலவு | திட்டம் | நடப்பு |
|---|---|---|---|---|---|
| சென்ற ஆண்டு இருப்பு | 350 | 350 | கண்காட்சிப் பொருட்கள் | 1600 | 1840 |
| சந்தா | 2000 | 1700 | கடைச் சரக்கு | 1100 | 1180 |
| பெ.ஆ. கழகம் | 1000 | 0 | வேன் வாடகை | 1500 | 0 |
| கடை விற்பனை | 1800 | 1560 | பரிசுகள் | 500 | 0 |
| | | | சில்லறைச் செலவு | 150 | 90 |
| மொத்தம் | 5150 | 3610 | மொத்தம் | 4850 | 3110 |

திட்டத்தில் வரவுக்கும் செலவுக்கும் நடுவே 300 ரூபாய் மீதி இருப்பதைக் கவனியுங்கள். விலை ஏறினால் சமாளிக்க விட்ட இடம் அது. வரவு முழுவதையும் செலவாக எழுதிவிட்டால் முதல் விலையேற்றத்திலேயே திட்டம் உடைந்துவிடும்.

இந்தத் தாளில் கடை இரண்டு இடத்தில் வருகிறது. விற்ற பணம் வரவில், சரக்கு வாங்கிய பணம் செலவில். பல பிள்ளைகள் ‘கடையில் லாபம் 380’ என்று வரவில் மட்டும் ஒரே வரியாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் லாபம் ஏன் குறைந்தது என்பது மறைந்துவிடும். இங்கே 700 ரூபாய் லாபம் எதிர்பார்த்த கடையில் 380தான் கிடைத்தது. சரக்கில் 80 ரூபாய் கூடிவிட்டது, விற்பனையில் 240 ரூபாய் குறைந்துவிட்டது. குறை பெரும்பாலும் விற்பனையில்தான் என்பது தெரிவதால், அடுத்த ஆண்டு எவ்வளவு சரக்கு போடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

பெட்டியை எண்ணிப் பார்ப்பது

நடப்பு வரவிலிருந்து நடப்புச் செலவைக் கழித்தால் வருவது பெட்டியில் இருக்க வேண்டிய பணம். இங்கே 3610இல் 3110 போக, 500. மாதக் கடைசியில் பொறுப்பாசிரியர் முன்னால் பணத்தை எண்ண வேண்டும். தொகை சரியாக இருந்தால் இருவரும் தாளின் அடியில் தேதியுடன் கையெழுத்துப் போட வேண்டும். பொருளாளரைக் காப்பது அந்தக் கையெழுத்துதான்.

எண்ணியபோது 440தான் இருந்தது என்று வையுங்கள். 60 குறைகிறது. பதற வேண்டாம். முதலில் அந்தக் குறை 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 180 என்பதை 108 என்று எழுதினால் வித்தியாசம் 72. அது 9ஆல் வகுபடும். 60 வகுபடாது. ஆகவே அந்தத் தவறு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அடுத்ததாக ரசீதுகளை நோட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். கண்காட்சிக்கு முதல்நாள் அவசரமாகப் பசையும் செல்லோடேப்பும் வாங்க ஒரு மாணவனிடம் 60 ரூபாய் கொடுத்தது நோட்டில் ஏறவில்லை என்று அப்போது தெரிகிறது. அதை எழுதினால் கண்காட்சிச் செலவு 1900, மொத்தச் செலவு 3170, இருப்பு 440. கணக்கு நேராகிவிட்டது.

சிறு கடைகளிலும் ஆட்டோவிலும் ரசீது தரமாட்டார்கள். அங்கே ஒரு துண்டுச்சீட்டில் தொகையை எழுதி, பணம் வாங்கிப் போன மாணவனிடமே கையெழுத்து வாங்கினால் போதும். மன்றப் பணத்தை வீட்டுப் பணத்தோடு ஒரே பர்ஸில் வைக்கக் கூடாது. பஸ்ஸுக்கு இருபது ரூபாய் எடுத்துவிட்டு நாளை வைத்துவிடலாம் என்று நினைப்பதும் கூடாது. பெற்றோராகிய நாம் வீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான்.

தாள் முன்கூட்டிச் சொல்வது

இனி ஆக வேண்டிய செலவைப் பார்ப்போம். வேனுக்கு 1500, பரிசுக்கு 500, சில்லறைக்கு மீதமுள்ள 60, ஆக 2060. கையில் 440 இருக்கிறது. ஆறு பேர் தர வேண்டிய சந்தா 300, கழகம் தருவதாகச் சொன்ன 1000. எல்லாம் வந்தாலும் 1740தான். 320 ரூபாய் துண்டு விழுகிறது.

இது அக்டோபரிலேயே தெரிவதுதான் இந்தத் தாளின் பயன். ஜனவரியில் வேன் வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்தால் யாராவது ஒருவர் கைக்காசைப் போட வேண்டியிருக்கும். இப்போதே தெரிவதால் மன்றம் கூடிப் பேசலாம். பரிசுச் செலவை 180ஆகக் குறைக்கலாம், அல்லது பயணத்துக்கு ஆளுக்கு 8 ரூபாய் வாங்கலாம். இரண்டில் எதுவானாலும் 320 சரியாகிவிடும்.

கழகத்தின் 1000 ரூபாய் இன்னும் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தருவதாகச் சொன்ன பணம் திட்டப் பத்தியில் இருக்கலாம். கைக்கு வரும்வரை நடப்புப் பத்தியில் ஏறக் கூடாது. அது வராவிட்டால் சந்தா பாக்கியைச் சேர்த்தும் 740தான் இருக்கும், வேனுக்கே போதாது. ஆகவே அந்தப் பணம் கைக்கு வரும்வரை வேனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று பொருளாளர் துணிந்து சொல்லலாம். தாளை எடுத்து எல்லோர் முன்னும் வைத்தால், அது ஒரு பிள்ளையின் பிடிவாதம் அல்ல என்பது அவர்களுக்கே விளங்கும்.