இன்ஷியலை விரித்து எழுதும் முன்

தென்காசி

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, Surname என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் மூடிவிட்டதாக எழுதியிருக்கிறாய். மூடியது நல்லதுதான். உன் கல்லூரித் தோழிகள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கேட்டு நிரப்பியிருந்தால் அது பத்து வருடத்துக்கு அச்சாகியிருக்கும்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே வயதான ஆள் நான். பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் ஏன் வருகிறது என்று நீ கேட்டதற்கு ஒரு கிரயப் பத்திரத்தைக் காட்டினாலே போதும். நாங்கள் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன கிராமத்தில் வசிக்கும் சுப்பையா அவர்கள் குமாரர் முருகேசன். முதலில் ஊர், அடுத்து தகப்பன், கடைசியில் ஆள். தமிழில் உடையவனை முன்னால் சொல்லித்தான் உடைமையைச் சொல்வோம். ‘முருகேசன் வீடு’ என்கிற மாதிரியே ‘முருகேசன் மகள் தேன்மொழி’. அந்த முருகேசன் சுருங்கி ஓரெழுத்தாகிப் பெயருக்கு முன்னால் நிற்பதுதான் உன் இன்ஷியல். சங்கப் புலவர் பெயரையே பார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தகப்பன், பெயர் மூன்றும் அதே வரிசையில் வருகின்றன. அவரை இன்று பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் ம.க. நக்கீரனார் என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள்.

ஈ.வெ. ராமசாமி என்பதில் ஈ ஈரோடு, வெ அவர் தகப்பனார் வெங்கடப்பர். அண்ணாதுரையின் சி.என். காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவமும் நடராசனும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எம் மதுரை. எஸ் சண்முகவடிவு, அவருடைய அம்மா. அம்மா பெயரை இன்ஷியலாகப் போடலாமா என்று இன்றைக்கும் யாராவது இழுத்தால் இந்தப் பெயரைச் சொல். அப்துல் கலாமின் ஏ.பி.ஜே. இன்னும் ஒருபடி மேலே போகிறது. அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா மூன்று தலைமுறையும் அதில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது? பெரும்பாலும் சாதிப் பட்டம்தான் இருந்தது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ராமசாமி நாயக்கர் ராமசாமி ஆனார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாடே அதைப் பின்பற்றியது. நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் வாலோடு இருந்த பெயர்கள் என் காலத்துப் பத்திரங்களில் வால் இல்லாமல் வந்தன. ஆக, தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்பக்கம் காலி. இந்தக் காலியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உலகத்து விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் பின்பக்கம் குடும்பப் பெயர் இருக்கும் என்று எண்ணி அடிக்கப்பட்டவை. உன் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் குடும்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள். உனக்கு எம் என்றால் உன் அப்பாவுக்கு எஸ். உனக்கு நாளைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வேறொன்று. உன் தோழி ஆந்திராவைப் பூர்வீகமாகக் கொண்டவள் என்றாயே, அவள் இன்ஷியல் வீட்டுப் பெயராக இருக்கலாம். சதுரங்க வீரர் குகேஷின் ‘டி’ தொம்மராஜு என்ற வீட்டுப் பெயர். தகப்பன் பெயர் இல்லை. அவளுக்கு அந்தக் கட்டம் சுலபம். அவள் செய்ததைப் பார்த்து நீ செய்யாதே.

இனி உன் விண்ணப்பத்துக்கு வருகிறேன். கடவுச்சீட்டுப் படிவத்தில் இன்ஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். Given Name கட்டத்தில் THENMOZHI என்று மட்டும் போடு. Surname கட்டத்தில் MURUGESAN. அவ்வளவுதான். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார வைப்பது நம் வழக்கத்துக்குச் சரியாகப் பொருந்தாது. வெளிநாட்டில் உன்னை ‘மிஸ் முருகேசன்’ என்று கூப்பிடுவார்கள், உன் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி உனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். விஸ்வநாதன் ஆனந்தை உலகமெல்லாம் ‘விஷி’ என்று கூப்பிட்டது அவருடைய தகப்பன் பெயரைச் சுருக்கித்தான்! அது பெரிய தொல்லை இல்லை. மற்ற இரண்டு வழிகளில் இருக்கிற தொல்லை பெரியது.

உன் தோழிகள் சொன்னதில் முதல் வழி, Given Name கட்டத்திலேயே இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடுவது. படிவம் அதை ஏற்றுக்கொள்ளும், கடவுச்சீட்டும் வந்துவிடும். அமெரிக்க விசா படிவத்துக்குப் போகும்போதுதான் தெரியும். அங்கே குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆகவே உன் முழுப் பெயரும் அந்தக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் FNU என்று போடச் சொல்வார்கள். பெயர் தெரியவில்லை என்பதற்கான குறியீடு அது. அங்கே ஓட்டுநர் உரிமம் வரை அந்த FNU கூடவே வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்க முடியாது என்று அறிவித்தது. பிறகு, கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் நடுவில் விமான நிலையத்தில் நின்றவர்கள் நின்றவர்கள்தான்.

இரண்டாவது வழி, வரிசையை அப்படியே விரித்து MURUGESAN THENMOZHI என்று எழுதி, தேன்மொழியைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது. நம் வழக்கத்துக்கு இதுதான் நேர்மையாகப் படும். ஆனால் அப்புறம் எங்கே போனாலும் உன் சொந்தப் பெயர் முருகேசன் என்று ஆகிவிடும். விமானச் சீட்டில் குடும்பப் பெயரை முதலில் போட்டு ஒரு சாய்கோடு இட்டு மற்றதை எழுதுவார்கள். உனக்கு அது MURUGESAN/THENMOZHI MS என்று வர வேண்டும். தலைகீழாக வந்திருந்தால் பயணத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும், கடவுச்சீட்டில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

படிவத்தில் அப்பா பெயரைக் கேட்கும் இடமும் வரும். அங்கே நிறையப் பேர் தடுமாறுவார்கள். உன் குடும்பப் பெயர் முருகேசன் என்று போட்டுவிட்டதால் அப்பாவுக்கும் அதையே போட வேண்டியதில்லை. அப்பாவின் சொந்தப் பெயர் MURUGESAN, அவருடைய Surname SUBBIAH, அதாவது உன் தாத்தா. அப்பாவின் ஆவணங்களில் விரிவு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. அப்பாவுக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர் வேறா என்று எவராவது கேட்டால், தகப்பன் பெயரைத்தான் எங்கள் பக்கம் போடுவார்கள் என்று சொல். கடவுச்சீட்டு அலுவலகத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள், தமிழ்நாட்டில் தினம் பார்ப்பதுதான்.

பான் அட்டைக்கும் இதே பிரிப்பைப் போடு. கடைசிப் பெயர் முருகேசன், முதல் பெயர் தேன்மொழி. அங்கே கடைசிப் பெயர் கட்டாயம். ஒற்றைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரையே அந்தக் கட்டத்தில் போட வேண்டியிருக்கும். எப்படி எழுதினார்கள் என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். தனிநபரின் பான் எண்ணில் நான்காவது எழுத்து P, ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்து. உனக்கு ஐந்தாவது M வர வேண்டும். T வந்தால் தேன்மொழியைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டாய் என்று அர்த்தம். பெயரைப் பிறகு திருத்தினாலும் எண் மாறாது, பழைய எழுத்து அப்படியே இருக்கும். உன் அப்பாவுடைய அட்டையை எடுத்து ஒருமுறை பார், வேடிக்கையாக இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி எழுத்துக்கூட்டல். அப்பாவின் பெயர் ஆதாரில் MURUGESAN, உன் மாற்றுச் சான்றிதழில் MURUGESHAN, குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரி என்றிருந்தால், எந்த எழுத்தை விரித்தாய் என்று சரிபார்க்கும் அதிகாரிக்குக் கேள்வி வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நீ THENMOZHI M என்றுதான் இருப்பாய். அந்த M யார் என்று காட்டுவது மாற்றுச் சான்றிதழில் முழுதாக எழுதியிருக்கும் தகப்பன் பெயர். அதனால் முதலில் அப்பாவின் ஆதாரில் உள்ள எழுத்தை எடுத்து, அதையே எல்லா இடத்திலும் வை. உன் ஆதாரில் இன்ஷியலோடு இருந்தால் அதை விரித்துவிட்டுப் பிறகு கடவுச்சீட்டுக்குப் போவது நல்லது. ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டு தடவைதான் வாய்ப்பு. அதனால் நன்றாக யோசித்து எழுதி, சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் படி. பழைய ஆவணத்தில் வேறு எழுத்து இருந்து திருத்த முடியாமல் போனால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைக்கலாம். அதை நானே எழுதித் தருகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியலை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊரில் பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். உன் படிப்புச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் முருகேசன் மகளாக இருக்கும்போது நடுவில் ஓரெழுத்தை மாற்றினால் இதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். என் யோசனை, அப்படியே விட்டுவிடு. பெரியவர்கள் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் மாற்றுச் சான்றிதழ் அம்மாவின் பீரோவில் இருக்கும். அதையும் அப்பாவின் ஆதாரையும் படம் எடுத்து இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு. எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகு விண்ணப்பத்தைத் திற.

அன்புடன்,
பெரியப்பா