முதன்மைச் சான்றா, இரண்டாம்நிலைச் சான்றா? அருணகிரிநாதரை வச்சே பார்ப்போம்

சமய வரலாறு அசைன்மென்ட்ல நிறைய பேர் குழம்புற இடம் இது. "இதை வச்சு எதை நிரூபிக்கப் போறோம்?"னுதான் நான் முதல்ல கேட்பேன்.

அருணகிரிநாதர் எந்தக் காலத்தவர்னு எழுதணும்னு வைங்க. திருப்புகழ் அவரே பாடியது, அதனால முதன்மைச் சான்று. அதுல பிரபுடதேவராயன்னு ஒரு மன்னர் பேர் வருது. அவர் விஜயநகரத்து இரண்டாம் தேவராயர், அதனால காலம் 15-ஆம் நூற்றாண்டுன்னு சொல்றது ஆய்வாளரோட முடிவு. அந்த ஆய்வு நூல் இரண்டாம்நிலைச் சான்று. பேர் பாட்டுல இருக்கு, ஆனா நூற்றாண்டு பாட்டுல இல்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

பழைய சுவடிகளைத் தேடித் திரட்டி வ.த. சுப்பிரமணிய பிள்ளை திருப்புகழை அச்சிட்டார். அச்சுல வந்ததால பாட்டு இரண்டாம்நிலை ஆகிடாது. ஆனா ஒரு பதிப்புல இருக்கிற முன்னுரையும் உரையும் இரண்டாம்நிலைதான். ஒரே புத்தகம், ரெண்டு வகை!

சரி, டி.எம்.எஸ். நடிச்ச 1964 'அருணகிரிநாதர்' படம்? (அப்பா அம்மாவைக் கேளுங்க, தெரியும்.) கோபுரத்திலிருந்து குதிச்சார்னு நிரூபிக்க அது உதவாது. ஆனா உங்க தலைப்பு "20-ஆம் நூற்றாண்டுத் தமிழ் சினிமா அவரை எப்படிக் காட்டியது"ன்னா, அந்தப் படமே முதன்மைச் சான்று.