காத்திருப்புச் சீட்டும் மாற்று ஏற்பாடும்

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் ஓர் இரவு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்குப் பதிவு செய்த பிரயாணி ஒருவர், புறப்பட ஐந்து நாள் இருக்கையில் தம் சீட்டின் நிலையைப் பார்க்கிறார். GNWL 62/WL 24 என்று தெரிகிறது. முன்னுள்ள எண் வாங்கிய அன்று அவர் நின்ற இடம். பின்னுள்ளது இன்று நிற்கும் இடம். முப்பத்தெட்டு இடம் முன்னேறியிருக்கிறார் என்பதும், இடம் பெற்றவர்கள் சீட்டை ரத்துச் செய்வது கடைசி இரண்டு நாட்களில் மிகுதி என்பதும், விசேஷ ஒதுக்கீடுகளில் எஞ்சியவை சார்ட் தயாராகும்போது வரிசைக்கே வந்து சேரும் என்பதும் அவருக்குச் சாதகமானவை. ஆனால் அந்த நாள் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தியதாயின், ஊருக்குப் போகிறவர் எவரும் எளிதில் சீட்டை விடமாட்டார். அப்போது அதே 24 நம்பத்தக்கதன்று.

அதே ரயிலில் மூன்றடுக்கு ஏசியில் 9 என்றிருந்தால் அது மேலெனத் தோன்றும். ஏசிப் பெட்டிகள் குறைவாக உள்ள ரயிலில் விலகுவோரும் குறைவாதலால், ஸ்லீப்பரின் 24-ஐ விட அந்த 9 தாமதமாக நகர்வதுண்டு. எண்ணைவிட வரிசையின் வகையே பிரதானம். GNWL பெரும்பாலும் ரயில் புறப்படும் ஊரிலிருந்து செல்வோரின் வரிசை; RLWL, PQWL என்பவை வழியிலுள்ள ஊர்களுக்குரிய சிறிய ஒதுக்கீட்டைச் சார்ந்தவை, ஆகையால் நகர்வது அரிது. விழுப்புரத்தில் ஏறுகிறவர், கட்டணம் சற்றுக் கூடினாலும், எழும்பூரிலிருந்தே பதிவு செய்து ஏறுமிடத்தை மட்டும் விழுப்புரம் என்று குறிப்பிடுவது நல்ல உபாயம்.

வரிசை நகர்ந்து RAC ஆகிவிட்டால் கவலையில்லை. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து அமர நேரிடினும் பிரயாணம் நிச்சயம். WL என்றே நின்றவர் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற இயலாது.

ஆகவே தீர்மானிக்கும் வேளை முந்தின நாள் காலை. ஏசி தத்கால் 10 மணிக்கும் ஸ்லீப்பர் தத்கால் 11 மணிக்கும் திறக்கின்றன. அப்போது எண் பத்துக்குள் வந்திருந்தால் நான் காத்திருப்பேன். இருபதுக்கு மேலிருந்தால் தத்காலை முயல்வேன். உறுதியான தத்கால் சீட்டை ரத்துச் செய்தால் பணம் திரும்பாது; தத்காலிலும் காத்திருப்பு எண்ணே கிடைத்தால், சார்ட்டில் பொது வரிசைக்கே முதலிடமாதலால், பழைய சீட்டை விடலாகாது.

காத்திருப்பவர் தாம்பரம் அல்லது கிளாம்பாக்கத்திலிருந்து செல்லும் பேருந்தொன்றில், ரத்து விதியை விசாரித்து, ஓர் இருக்கையை முன்கூட்டியே பிடித்து வைப்பது உசிதம். 2025 முதல் சார்ட் ரயில் புறப்பட எட்டு மணி நேரத்துக்கு முன்போ அதற்கும் முன்னதாகவோ தயாராவதால், இரவு ரயிலுக்கு நண்பகலிலேயே முடிவு தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கிய சீட்டு WL ஆகவே நின்றால் தானாக ரத்தாகிச் சிறு கழிவு போகப் பணம் திரும்பும். கவுன்ட்டரில் வாங்கியதையோ, ரயில் புறப்பட அரைமணிக்கு முன்னதாக நாமே ரத்துச் செய்தாக வேண்டும்.