நன்றாக ஓடும் டி.வி.யை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் 32 அங்குல எல்.இ.டி. டி.வி.க்கு ஒன்பது வயது, நன்றாக ஓடுகிறது. 43 அங்குல 4கே வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். கேபிளில்தான் பார்க்கிறோம். மாற்றினால் படம் தெளிவாகுமா?
- வாசகர், புவனகிரி

பதில்: முதலில் செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயர் செருகியிருந்தால், டி.வி.க்கு வருவது 576 வரிப் படம்தான். 4கே திரைக்கு 2,160 வரி வேண்டும். மீதியை டி.வி.யே ஊகித்து நிரப்பும். முகங்கள் மெழுகு பூசினாற்போல் இருக்கும், செய்திச் சேனலில் ஓடும் எழுத்தின் ஓரம் கலங்கும். காசும் போய்ப் படமும் கெட்ட கதைதான்!

அதனால் எச்.டி. பாக்ஸும் எச்.டி.எம்.ஐ. ஒயரும் போட்டு, எச்.டி. சேனல் ஒன்றைப் பழைய டி.வி.யிலேயே பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் 43 அங்குலத்தில் 4கே-யையும் ஃபுல் எச்.டி.யையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. படம் பெரிதாகத் தெரியும், அவ்வளவே. மகனுக்கு ஓ.டி.டி. வேண்டுமென்றால் ஸ்டிக் ஒன்று செருகிக் கொடுங்கள்.

திரை நீலம் பாய்ந்தாலோ, இடையிடையே இருண்டாலோ பேக்லைட் பட்டையை மாற்றிக்கொள்ளலாம். பேனலிலேயே கோடு விழுந்தால் பழுதுபார்க்கச் செலவழிக்காதீர்கள். அப்போது புதிது வாங்குங்கள்.