ஆறு மாதம் வங்கியில் கிடக்கட்டும்

அன்புள்ள தம்பி,

சூளகிரி விபத்தில் அப்பா போய் ஓராண்டு ஆகவில்லை. அதற்குள் பாகலூர் சாலையில் மனைக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்கிறாய். கொடுத்துவிடாதே.

உங்களுக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. வைப்புநிதியோடு சேர்ந்த இடிஎல்ஐ காப்பீட்டில் 6 லட்சம் அம்மா கணக்குக்கு வந்துவிட்டது. விபத்து இழப்பீடு இனிமேல்தான் தீர்ப்பாயத்திலிருந்து வரும். இரண்டாவதற்கு நீதிமன்றமே பூட்டு வைத்திருக்கிறது. சுசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இது: சிறார் பங்கை 18 வயது வரை நிரந்தர வைப்பில் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பங்கையும் வைப்பில் போட்டு, மனை, வண்டி என்று ஏதாவது வாங்க மட்டும், அந்தத் தேவை உண்மைதானா என்று பார்த்த பிறகே விடுவிக்கலாம். வட்டி மாதாமாதம் குடும்பத்துக்கு வரும். அனுமதியில்லாமல் அந்த ரசீதின் பேரில் வங்கி கடன் தரக்கூடாது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை எத்தனை பேர் சூழ்வார்கள் என்று தெரிந்துதான் இப்படி எழுதினார்கள். தங்கையின் பங்கு அப்படியே பத்திரமாக இருக்கும்.

காப்பீட்டுப் பணத்துக்கு அந்தப் பூட்டு இல்லை. அதை நீங்களே போட வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நூற்றுக்கு 5 வட்டியில் வாங்கிய 1 லட்சத்துக்கு மாதம் 5,000 போகிறது. அதே 1 லட்சத்தை வங்கியில் போட்டால் மாதம் 600 கூட வராது. அந்தக் கடனை இந்த வாரமே அடைத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திருப்பி வாங்கு. தங்கை பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் 50,000 எடுத்து வை. மீதி 4.5 லட்சத்தை அம்மா பெயரில், உன்னை நாமினியாகப் போட்டு, மாத வட்டி தரும் வைப்பில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு, அதற்குள் அடங்கிவிடும். ஆறரை சதவீதம் கிடைத்தால் மாதம் 2,400 அளவில் வரும்.

இந்தப் பூட்டு பலவீனமானதுதான். போனிலேயே வைப்பை உடைத்துவிடலாம். அதனால் அம்மா கணக்குக்கு இணைய வசதி வேண்டாம். கிளைக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்களிடமும் "டெபாசிட்டில் போட்டாச்சு" என்று உண்மையையே சொல்லலாம்.

ஆறு மாதம் கழித்து மனையைப் பற்றிப் பேசுவோம். 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்ததைச் சொல்லித்தான் தரகர் அவசரப்படுத்துகிறார். அது அறிவிப்பு, விலையோ இன்றே நீ கொடுப்பது. இந்த ஆறு மாதத்துக்குள் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, டிடிசிபி அனுமதி எண் மூன்றையும் கேட்டு வாங்கி, தரகர் காட்டாத ஒரு வழக்கறிஞரிடம் கொடு. "முதலில் முன்பணம், பிறகு பத்திரம்" என்று தரகர் சொன்னால் அந்த மனையை அன்றே விட்டுவிடு. மூன்றும் சரியாக இருந்தாலும், முன்பணத்துக்கு முன் அம்மாவை அழைத்துப் போய் இடத்தைக் காட்டு. பணம் அவர் பெயரில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பாவின் ஷிப்ட் நண்பன்