நூலை உருவிப் பாருங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும், சேலையை மிக அருகில் வைத்து எடுத்த படங்களும் கிடைத்தன. போச்சம்பள்ளி காட்டன் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மெரூன் உடலில் வெள்ளை டைமண்ட் கட்டங்கள். பின்பக்கமும் டிசைன் தெரிவதால் நெசவில் வந்ததுதான் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னதாகவும், ஆனாலும் துணி தட்டையாக, நூலே இல்லாததுபோல் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் சரிதான். படங்களில் நான் பார்த்த வரையில் அது பிரிண்ட். எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன்; அடுத்த முறை கடையிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பின்பக்கச் சோதனையை விட்டுவிடுங்கள். மெல்லிய காட்டனில் சாயம் சுலபமாக மறுபக்கம் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் அடித்துக் கொடுக்கும் பிரிண்டும் உண்டு. அதனால் பின்பக்கம் வெளுத்திருந்தால் பிரிண்ட் என்று சொல்லலாமே தவிர, வெளுக்காததால் நெசவு என்று சொல்ல முடியாது.

போச்சம்பள்ளிச் சேலை இக்கத் வகை. இக்கத்தில் டிசைன் துணி உருவாவதற்கு முன்பே நூலில் ஏறிவிடுகிறது. தெலங்கானாவின் போச்சம்பள்ளியிலும் சுற்று ஊர்களிலும் ஊடை நூலை ஆசு என்னும் சட்டத்தில் சுற்றுவார்கள். அரைவட்டமாக முளைகள் அடித்த சட்டம் அது. கையால் சுற்றினால் ஒரு சேலைக்குக் கை சுமார் 9,000 முறை போய்வர வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை. தன் தாய் லட்சுமி தோள்வலியால் படும் பாட்டைப் பார்த்துத்தான் சிந்தகிந்தி மல்லேசம் 'லட்சுமி ஆசு' இயந்திரத்தை உருவாக்கினார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுற்றிய நூல்கட்டில் டிசைனைக் குறித்து, சாயம் ஏறக்கூடாத இடங்களை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த பட்டைகளே இதற்கு உதவும். கட்டிய நூலைச் சாயத்தில் முக்கி, கட்டை அவிழ்த்து, வேறு இடத்தில் கட்டி, அடுத்த நிறத்தில் முக்குவார்கள். நூல் தறிக்கு வருவது அதற்கப்புறம்தான்.

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சாயம் கட்டுக்கு அடியில் நூலோடு கொஞ்சம் ஊறிப்போகும். இக்கத்தின் ஓரங்கள் கலங்கித் தெரிவதற்கு இது ஒரு காரணம். நெய்யும்போது ஒவ்வொரு இழையும் மயிரிழை முன்பின்னாக விழுவது இன்னொரு காரணம். இரண்டுமே நூல் ஓடும் திசையில்தான் நடக்கும். ஊடையில் மட்டும் டிசைன் கட்டியிருந்தால், கரையிலிருந்து கரைக்குப் போகும் வாக்கில் மட்டுமே கலங்கல் இருக்கும். சேலையின் நீளவாக்கில் டிசைன் முடியும் இடம் கத்தரித்ததுபோல் நறுக்கென்று நிற்கும், ஏனென்றால் அங்கே ஒரு இழை முடிந்து அடுத்த இழை தொடங்குகிறது. பாவில் கட்டியிருந்தால் இது அப்படியே திரும்பிவிடும். உங்கள் சேலையில் டைமண்டின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கலங்கியிருக்கிறது. அந்தக் கலங்கலை யாரோ வரைந்திருக்கிறார்கள்.

அடுத்து, வெள்ளையைப் பாருங்கள். சாதாரணச் சேலைத் துணியில் பாவும் ஊடையும் ஏறக்குறையச் சமமாக மேலே தெரியும். பாவு முழுக்க மெரூன், ஊடையில் மட்டும் ஆங்காங்கே வெள்ளை என்றால், அந்த இடம் பளிச்சென்ற வெள்ளையாக இருக்க வழியே இல்லை. வெள்ளை இழைக்கு நடுவே மெரூன் புள்ளிகள் தெரிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் ரோஸ் நிறமாகவே படும். மெரூனுக்கு நடுவே சுத்த வெள்ளை வர வேண்டுமானால் பாவிலும் ஊடையிலும் ஒரே இடத்தில் கட்டுப் போட்டு, நெய்யும்போது வெள்ளையின்மேல் வெள்ளை வந்து விழும்படி நெசவாளர் இழைக்கு இழை சரிசெய்ய வேண்டும். அது இரட்டை இக்கத். தெலியா ருமாலிலும் குஜராத்தின் பாடன் பட்டோலாவிலும் செய்வது அதைத்தான். நீங்கள் கொடுத்ததாக எழுதியிருக்கும் விலைக்கு உடல் முழுக்க இரட்டை இக்கத் கிடைக்காது.

கடைசிச் சாட்சி உங்கள் முந்தானையில் இருக்கிறது. அங்கே ஊடை இல்லாமல் பாவு நூல்கள் தொங்குகின்றன அல்லவா? ஒரு நூலைப் பிரித்து வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் படத்திலேயே தெரிகிறது: மெரூன், வெளுப்பு, மெரூன், வெளுப்பு என்று பொடிப்பொடியாக மாறுகிறது. ஊடைக்கு அடியில் அந்த நூல் நுழைந்த இடங்களில் சாயம் எட்டவில்லை. பிளவுஸ் துணியை வெட்டும்போது ஓரத்திலிருந்து ஒரு ஊடை நூலையும் உருவுங்கள்; அதிலும் இதே பொடி வெளுப்பு இருக்கும். நிஜ இக்கத் நூலிலும் நிறம் மாறும்தான். ஆனால் ஒவ்வொரு நிறமும் விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ நீண்டு ஓடும், நூலைச் சுற்றிலும் ஏறியிருக்கும். ஒரு திசையில் மட்டும் கட்டிய இக்கத்தில் மறுதிசை நூல் ஒரே நிறமாகவும் இருக்கும்.

கட்டம் போட்ட காட்டனுக்கு இது இன்னும் சுலபம். காரைக்குடி கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு நூலும் முனையிலிருந்து முனைவரை ஒரே நிறம். கோடே ஒரு நூல்தான், அதனால் நூலை விட்டு அது விலக முடியாது. பிரிண்ட் கட்டத்தில் கோடு கொஞ்ச தூரம் போனதும் நூலைச் சாய்வாகக் கடக்கும். அரக்குக் கோடும் மஞ்சள் கோடும் சந்திக்கும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். நெசவில் இரண்டு நிறமும் மாறிமாறிப் புள்ளியாக நிற்கும். துணியில் நூல் தெரிகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். பிரிண்டில் மை இரண்டு நூலையும் ஒன்றாக மூடிவிடும். கைத்தறியில் நீளவாக்குக் கோடுகளின் அகலத்தை அச்சு பிடித்து வைத்திருக்கும்; குறுக்குக் கோடுகள் நெசவாளர் அடிக்கும் அடியைப் பொறுத்தவை, ஆகவே கட்டங்களின் உயரம் கொஞ்சம் கூடிக் குறையும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சோதனைகள் எல்லாம் நெசவா பிரிண்டா என்பதைத்தான் சொல்லும். கைத்தறியா விசைத்தறியா என்பதைச் சொல்லாது. கட்டிச் சாயம் போட்ட நூலை விசைத்தறியிலும் ஓட்டலாம். கைத்தறியா என்று அறியக் கரையைப் பாருங்கள். ஊடை ஒவ்வொரு வரிசையிலும் வெட்டுப்பட்டு, பிசிறாக நின்றால் அது நாடா இல்லாத விசைத்தறி. கைத்தறி இல்லை என்று அங்கேயே முடிவுசெய்யலாம். ஊடை கரையில் திரும்பி உள்ளே போனால் கைத்தறியாக இருக்கலாம், பழைய விசைத்தறியாகவும் இருக்கலாம். டிசைனைச் சேர்ப்பதற்காக நெசவாளர் ஊடையை இழுத்துவிட்டதில் கரையோரம் சின்னச் சின்னக் கண்ணிகள் நீட்டிக்கொண்டிருந்தால், அது கைவேலையின் நல்ல அடையாளம்.

பில் இருந்தால் சேலையோடு கடைக்குப் போங்கள். வாக்குவாதம் தேவையில்லை. முந்தானை நூலைப் பிரித்துத் தாளில் வைத்துக் காட்டி, இது எந்த ஊர்த் தறியில் வந்தது என்று கேளுங்கள். மாற்றித் தர மறுத்தால், பில்லில் 'பிரிண்ட்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிண்ட் சேலை கட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நூலில் கட்டுப் போட்டவருக்குப் போக வேண்டிய விலையைப் பிரிண்டுக்கு வாங்குவதுதான் குறை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்