அந்தக் கோட்டு தாத்தாவுடையதுதான்

அன்புள்ள கயலுக்கு,

உன் கதையும் கூட அனுப்பிய ஒரு நிமிடப் படமும் கிடைத்தன. தாத்தாவின் பெட்டியில் கிடந்த தையல் சாமான்களுக்கு உன் கதையின் பெண் உயிர் கொடுக்கிறாள், அவை அவளை அவருடைய முடியாத கனவுக்குக் கூட்டிப்போகின்றன. நன்றாய்த்தான் இருக்கிறது. உன் அம்மாதான் போனில் புலம்பினாள், ராத்திரி இரண்டு மணிவரை மேஜைமேல் குனிந்தே கிடக்கிறாய் என்று. வேலையையும் விடப்போகிறாயாமே. அதைப் பிறகு பேசுவோம்.

இஞ்ச் டேப்புக்குப் பின்னால் கம்பி ஒட்டி ஊரவைத்திருக்கிறாய். அது அருமை. கத்தரி குதிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் அப்பாவின் கத்தரி ஒருநாளும் குதித்ததில்லை. கீழ் அலகு மேஜையை விட்டு எழாது, துணிக்கு அடியில் சறுக்கிக்கொண்டே போகும். துணியைத் தூக்கினால் வெட்டு கோணிவிடும். அலகை நுனிவரை மூடவும் மாட்டார். மூடித் திறந்தால் அந்த இடத்தில் ஓரம் பல் பல்லாக நிற்கும். முக்கால்வாசி மூடுவார், உடனே திறந்து முன்னே தள்ளுவார். நொடிக்கு 12 படம் எடுக்கிறாய் அல்லவா, அந்தப் பன்னிரண்டில் இந்த நடையைக் கொண்டுவா. போன தீபாவளிக்கு நீ போட்டுக் காட்டினாயே, ஸ்வான்க்மாயரின் 1988 ஆலிஸ் படம்! அதில் காலுறைப் புழு தூங்குவதற்காகத் தன் கண்ணை ஊசிநூலால் தைத்து மூடிக்கொள்ளும். அந்த ஊசி ஆடவில்லை, பாடவில்லை, தைக்கிறது. அதனால்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனி பெட்டியில் பாதியில் நிற்கும் அந்தக் கோட்டு. வாடிக்கையாளர் யாரோ அளவு கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனதாக எழுதியிருக்கிறாய். அப்படியில்லை. அதை மேஜைமேல் விரித்துப் பார். முதுகுப் பாகத்தை வழக்கத்தைவிட நீட்டியும் முன்பாகத்தைக் குறைத்தும் வெட்டியிருக்கிறார். கூன் விழுந்த உடம்புக்குத்தான் அப்படி வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் தொங்கும். வலது தோளும் கொஞ்சம் இறக்கம். மெஷினில் குனிந்து குனிந்து வளைந்த முதுகு யாருடையது என்று நான் சொல்லவேண்டுமா? ஊருக்கெல்லாம் கோட்டு தைத்தவர், தனக்கென்று ஒன்று வெட்டியிருக்கிறார்.

இடது லேப்பலைப் பிடித்து விட்டுப் பார், தானாகவே சுருண்டு மடியும். துணியையும் கேன்வாஸையும் விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாகச் சாய்ந்த சிறு தையல் போட்டால்தான் அந்தச் சுருள் வரும். வலது லேப்பல் காகிதம்போலத் தட்டையாகக் கிடக்கிறது பார், நூலோட்டியதோடு சரி. கை அங்கேதான் நின்றிருக்கிறது. உன் படத்தில் வசனமே வேண்டாம். இந்த இரண்டு லேப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும்.

பிஸ்கட் டின்னில் இருக்கும் லேபிள் கட்டை மட்டும் கதையில் ஒரே வரியில் தாண்டிவிட்டாய். எனக்கு ஆறவில்லை. அப்பா வேலை பார்த்த கடைக்காரரின் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது. அப்பா கையால் தைத்த ஒவ்வொரு கோட்டிலும் அவர் லேபிள். கடைசியில், கைத்தையலுக்கு நேரமில்லை, இஸ்திரி வைத்து ஒட்டும் பக்ரம் போதும் என்றாரே, நாலு சலவையில் குமிழ் குமிழாக எழும்பி நிற்கும் அந்தச் சனியன்! அன்றைக்கு வேலையை விட்டு வந்தவர் தன் பேர் போட்டு நெய்யச் சொன்ன லேபிள்கள் அவை. ஒன்றுகூட எந்தத் துணியிலும் ஏறவில்லை.

கருவிகளே கோட்டைத் தைத்து முடிப்பதா, பாதியில் விடுவதா என்று கேட்டிருக்கிறாய். உன் கதை, உன் இஷ்டம். ஆனால் தட்டை லேப்பலை வேறு கை சுருட்டினால் அது அவர் கோட்டு ஆகாது. அதை விட்டுவிடு. லேபிளை மட்டும் ஊசி தைக்கட்டும். லைனிங் வைத்த பிறகுதான் லேபிள் தைப்பார்கள், இங்கே லைனிங்கே இல்லை. கேன்வாஸ் மேலேயே தைக்கட்டும். எந்த டெய்லரும் அப்படிச் செய்யமாட்டான், செய்யாவிட்டால் போகட்டும். வேறு மாதிரி முடித்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வேலை விஷயமும் உன் இஷ்டம்தான். மூன்று நிமிடப் படத்துக்கு 2160 படம். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தாலும் முடிகிற கணக்குதான், சம்பளமும் வரும். மேஜைக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்திக்கொள், நிமிர்ந்து நின்று எடு. நம் வீட்டில் ஒரு முதுகு வளைந்தது போதும்.

நிறையப் பேசிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே, தங்கம். அவர் பெட்டியைத் திறக்க நம் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை, உனக்குத்தான் தோன்றியது. கத்தரி குதித்தாலும் அழகாய்த்தான் குதிக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கோட்டையும் டின்னையும் எடுத்துக்கொண்டு வா. பால் கொழுக்கட்டை செய்துவைக்கிறேன்.

உன் அத்தை